பரப்பளவும் அலகுச் சதுரங்களும்: நான்காம் வகுப்புப் பெற்றோர்களின் கேள்விகளுக்கு ஆசிரியரின் பதில்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் வகுப்பில் இப்போது பரப்பளவுப் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவரும் அட்டைச் சதுரங்களையும், பாதி வரைந்து நிற்கும் கட்டங்களையும் பார்த்துவிட்டு உங்களில் பலர் வகுப்பு வாசலில் கேட்ட கேள்விகளையும், நாட்குறிப்பேட்டில் எழுதி அனுப்பிய கேள்விகளையும் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதியிருக்கிறேன். பதில்கள் பலவற்றிலும் ஒரே செவ்வகம்தான் திரும்பத் திரும்ப வரும். அதன் நீளம் 6 செ.மீ., அகலம் 4 செ.மீ. ஒரு தாளில் அதை வரைந்து அருகில் வைத்துக்கொண்டு படிப்பது உதவியாக இருக்கும்.

நீளம் பெருக்கல் அகலம் என்று ஒரே நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாமே, ஏன் இத்தனை நாள் அட்டை அடுக்குகிறார்கள்?

ஒரே நாளில் சொல்லலாம், பிள்ளைகளும் மறுநாளே 6 × 4 = 24 என்று சரியாக எழுதிவிடுவார்கள். ஆனால் அப்படி எழுதிய பிள்ளையிடம் செவ்வகத்தைக் காட்டி, "இந்த 24 எங்கே இருக்கிறது, விரலால் தொட்டுக் காட்டு" என்று கேட்டால், பெரும்பாலும் விரல் ஓரக் கோட்டின் மீதுதான் போகும். அளந்தது இரண்டு கோடுகளை. கிடைத்த விடையோ கோட்டில் இல்லை, கோடுகளுக்கு உள்ளே விரிந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. கோட்டை அளந்த எண்கள் எப்படி இடத்தை அளந்த எண்ணாக மாறின என்பதுதான் இந்தப் பாடத்தின் உண்மையான கடினம்.

ஸ்கேலில் படித்த 6 என்பதை, "இந்த ஓரத்தை ஒட்டி ஒரு செ.மீ. சதுரங்கள் ஆறு உட்காரும்" என்று பிள்ளை வாசிக்க வேண்டும். 4 என்பதை, "அப்படிப்பட்ட வரிசைகள் நான்கு அடுக்கலாம்" என்று வாசிக்க வேண்டும். அதன் பிறகே பெருக்கலுக்குப் பொருள் கிடைக்கிறது, ஏனென்றால் ஆறு ஆறாக நான்கு முறை என்பது பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த வாய்ப்பாடு. அட்டை அடுக்குவதெல்லாம் அந்த வாசிப்பு வருவதற்காகத்தான்.

சதுரம்தான் வேண்டுமா? என் மகள் முதல் நாள் புளியங்கொட்டை பரப்பியதாகச் சொன்னாள்.

அது வேண்டுமென்றே செய்தது. முதல் நாள் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே அளவுள்ள தாளைக் கொடுத்து, புளியங்கொட்டை, ஒரு ரூபாய் நாணயம், சதுர அட்டை ஆகிய மூன்றாலும் அதை மூடச் சொன்னேன். கொட்டைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லாததால், ஒரே தாளுக்கு ஒவ்வொரு குழுவும் ஒவ்வோர் எண்ணைச் சொன்னது. நாணயங்கள் ஒரே அளவுதான்; ஆனால் நான்கு நாணயங்கள் சேரும் இடத்தில் மூடாத இடைவெளி நின்றது. அந்த இடைவெளி யார் கணக்கில் சேரும் என்று பிள்ளைகளே சண்டையிட்டுக்கொண்டார்கள். சதுரத்தில் இந்த இரண்டு சிக்கலும் இல்லை என்பதை அவர்களே சொன்னார்கள். எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும், இடைவெளி விடக் கூடாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது என்ற மூன்று விதிகளும் அன்று கரும்பலகையில் எழுதப்பட்டன.

முக்கோணத்தாலும் அறுகோணத்தாலும்கூட இடைவெளியின்றி மூடலாம். சதுரத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அது நேர்நேரான வரிசைகளாக நிற்பதால் எண்ணுவதற்குப் பதிலாகப் பெருக்க முடிகிறது என்பதே.

முதலில் நிறைய அட்டை கொடுத்தீர்கள், இப்போது ஒன்றே ஒன்றுதான் கொடுக்கிறீர்களாம். அட்டை போதவில்லையா?

அட்டை போதுமான அளவு இருக்கிறது. குறைத்துக்கொண்டே போவதுதான் பாடத்தின் வழி, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு செ.மீ. சதுரங்கள் சிறு விரல்களுக்குள் அடங்குவதில்லை என்பதால், வகுப்பில் 5 செ.மீ. பக்கமுள்ள அட்டைச் சதுரங்களையும், 30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் கொண்ட சார்ட் தாளையும் வைத்துத் தொடங்கினோம். அதிலும் ஒரு வரிசைக்கு ஆறாக நான்கு வரிசைகள்தான். முதலில் 24 அட்டைகளையும் கொடுத்தேன், எல்லாப் பிள்ளைகளும் அடுக்கி, எண்ணி, 24 என்றார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் இந்த இடத்திலேயே பாடம் முடிந்துவிட்டதாக நினைத்து அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன், அது என் தவறு. கெட்டியான அட்டைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தாமாகவே வரிசையில் நின்றுவிடும். வரிசை இருப்பதைப் பிள்ளை கவனிக்க வேண்டிய தேவையே இல்லை. கை செய்துவிடுகிறது, கண் பார்க்காமல் போகிறது.

ஆகவே அடுத்த நாள் ஒவ்வொருவருக்கும் ஒன்பது அட்டைகள் மட்டும் கொடுத்தேன். கீழ் ஓரத்தில் ஆறு வைத்தால், மீதி மூன்றைப் பக்கவாட்டில் மேலே ஏற்றலாம், மூலை அட்டை இரண்டு ஓரத்துக்கும் பொது. அதற்கு மேல் கையில் எதுவும் இல்லை. சில பிள்ளைகள் "அட்டை பத்தவில்லை டீச்சர்" என்று நின்றார்கள். சிலர் 6-ஐயும் 4-ஐயும் கூட்டி 10 என்றார்கள். சிலர் கீழ் வரிசை அட்டைகளை எடுத்து மேலே நகர்த்தி, "இங்கே ஓர் ஆறு, இங்கே ஓர் ஆறு" என்று எண்ணினார்கள். இந்த மூன்றாவது வகைப் பிள்ளைகளுக்கு வரிசை என்பது ஒரே பொருளாகத் தெரியத் தொடங்கிவிட்டது.

அதன் பிறகு ஒற்றை அட்டையும் பென்சிலும் கொடுக்கிறோம். அட்டையை வைத்து ஓரம் வரைந்து, நகர்த்தி, மறுபடி வரைய வேண்டும். இங்கே கோடுகள் சாய்ந்து, கடைசி வரிசையில் அரைச் சதுரம் மிஞ்சும், சிலருக்கு ஒரு வரிசையில் ஏழுகூட வரும். சரியான தாளில் ஏன் ஏழு வந்தது என்று தேடும்போதுதான் எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும் என்ற உணர்வு பிறக்கிறது. கடைசியாக, அட்டையே இல்லாமல் ஸ்கேலும் வெற்றுச் செவ்வகமும் மட்டும் இருக்கும்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் லின் அவுட்ரெட், மைக்கேல் மிட்சல்மோர் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வும் பிள்ளைகளின் வரைபடங்களை வைத்து இதே படிகளைப் பற்றித்தான் பேசுகிறது. பிள்ளை வரைவதைப் பார்த்தால், அடுக்குவதைப் பார்த்துத் தெரியாதது தெரியும் என்பது என் வகுப்பிலும் ஒவ்வோர் ஆண்டும் உண்மையாகியிருக்கிறது.

வீட்டில் வரையும்போது ஒன்றைக் கவனியுங்கள். சதுரம் சதுரமாகத் தனித்தனியே வரைந்துகொண்டிருந்த பிள்ளை, ஒரு நாள் இரண்டு எதிர் ஓரங்களிலும் புள்ளி குறித்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே நீளக் கோடாக இழுக்கத் தொடங்கும். அந்தக் கோடு வந்துவிட்டால் பெருக்கல் வெகு தொலைவில் இல்லை.

என் மகன் நோட்டில் விடை தவறு. நீங்கள் சிவப்பு மையில் அடிக்காமல், "எண்ணிக் காட்டு" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஏன்?

தவறான எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அடித்தால், பிள்ளைக்கும் பயனில்லை, எனக்கும் பயனில்லை. 6-க்கு 4 செவ்வகத்துக்கு இந்த வகுப்பில் வந்த விடைகளையே எடுத்துக்கொள்வோம்.

16 என்று எழுதிய பிள்ளை, ஓரத்தைச் சுற்றி அழகாகச் சதுரங்கள் வரைந்திருக்கும், நடுவே வெற்றிடம் இருக்கும். மேலே ஆறு, கீழே ஆறு, பக்கங்களில் மீதி இரண்டிரண்டு, ஆக 16. மூலைகளைச் சரியாக ஒரு முறைதான் எண்ணியிருக்கிறது, கணக்கில் பிழையே இல்லை. பரப்பளவு என்றால் விளிம்பு என்று நினைத்துக்கொண்டதுதான் பிழை. நடுவில் விடுபட்ட எட்டுச் சதுரங்களை அடுக்கச் சொன்னாலே போதும்.

20 என்ற விடை சிக்கலானது, ஏனென்றால் அது இரண்டு வேறு வழிகளில் வரும். ஒரு பிள்ளை பக்கங்களின் நீளங்களைக் கூட்டி, 6 + 4 + 6 + 4 என்று சுற்றளவைச் சொல்லியிருக்கும். இன்னொரு பிள்ளை ஓரச் சதுரங்களை எண்ணும்போது, ஒவ்வொரு பக்கத்தையும் புதிதாகத் தொடங்கி, நான்கு மூலைச் சதுரங்களையும் இரண்டிரண்டு முறை எண்ணியிருக்கும். எழுத்தில் இரண்டும் ஒரே 20. முதல் பிள்ளை கோட்டை எண்ணியது, இரண்டாம் பிள்ளை சதுரத்தை எண்ணியது. எண்ணிக் காட்டச் சொன்னால் விரல் கோட்டின் மேல் வழுக்குகிறதா, கட்டம் கட்டமாகத் தாவுகிறதா என்பதில் வேறுபாடு உடனே தெரிந்துவிடும். முதல் பிள்ளையிடம் சுற்றளவும் பரப்பளவும் வேறு என்று பேச வேண்டும். இரண்டாம் பிள்ளையிடம் அதைப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும், அதற்கு மூலைச் சதுரத்தில் ஒரு வண்ணப் புள்ளி வைத்து, "இதை எண்ணிவிட்டோமா?" என்று கேட்பது போதும், நடுப்பகுதியை அதன் பிறகு பார்க்கலாம்.

புள்ளித்தாளில் வரைந்த அதே செவ்வகத்துக்கு 35 என்று இரண்டு பிள்ளைகள் எழுதினார்கள். நான் முதலில் திகைத்தேன். எண்ணிக் காட்டியபோது புரிந்தது: அவர்கள் கட்டங்களை விட்டுவிட்டுப் புள்ளிகளை எண்ணியிருந்தார்கள். ஆறு கட்டத்துக்கு ஏழு புள்ளி, நான்கு கட்டத்துக்கு ஐந்து புள்ளி, ஏழைந்து 35. இருவருமே வீட்டில் புள்ளிக் கோலம் போடுகிறவர்கள், புள்ளியை எண்ணித்தான் அவர்களுக்குப் பழக்கம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சிறு புளியங்கொட்டையை வைக்கச் சொன்னவுடன் 24 வந்துவிட்டது.

சுற்றளவும் பரப்பளவும் எப்போதும் குழம்புகிறது. எப்படிப் பிரித்துச் சொல்வது?

20 செ.மீ. நூலை வெட்டி, இரு முனைகளையும் முடிந்து, கட்டம் போட்ட கணக்கு நோட்டின் மேல் வைத்து வெவ்வேறு செவ்வகங்கள் செய்யச் சொல்லுங்கள். முடிச்சுக்குக் கொஞ்சம் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். கட்டம் ஒரு செ.மீ. அளவில் உள்ள நோட்டாக இருப்பது நல்லது. 9-க்கு 1 என்று ஒல்லியாக வைத்தால் உள்ளே 9 சதுரங்கள்தான் இருக்கும். 8-க்கு 2 என்றால் 16, 7-க்கு 3 என்றால் 21, 6-க்கு 4 என்றால் நம் 24, 5-க்கு 5 என்றால் 25. நூல் ஒன்றுதான், அதன் நீளம் மாறவில்லை, உள்ளே அடங்கும் சதுரங்கள் மட்டும் மாறுகின்றன. "சுற்றளவு என்றால் வேலி, பரப்பளவு என்றால் தோட்டம்" என்று வாயால் சொல்வதைவிட, இந்த நூலைக் கையால் இழுத்துப் பார்ப்பது பிள்ளைக்கு நிற்கிறது.

ஒரு தாளை வெட்டி வேறு வடிவமாக ஒட்டினால், "பெரிதாகிவிட்டது" என்கிறாள். இது சரியாகிவிடுமா?

ஆகிவிடும், கவலைப்பட வேண்டாம். நீளமாகத் தெரிவதைப் பெரிது என்று சொல்வது இந்த வயதுக்கு இயல்பு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் பியாஜேயும் அவருடன் பணியாற்றியவர்களும் 1940-களிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே அளவுள்ள இரண்டு பச்சைத் தாள்களைப் புல்வெளிகளாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொம்மைப் பசுவை நிறுத்தி, ஒரு வெளியில் வீடுகளை நெருக்கமாகவும் மற்றொன்றில் அதே எண்ணிக்கை வீடுகளைச் சிதறலாகவும் வைத்து, எந்தப் பசுவுக்குப் புல் அதிகம் என்று கேட்டார்கள். சிறு பிள்ளைகள் சிதறிய வீடுகள் உள்ள வெளியில் புல் குறைவு என்றார்கள்.

உங்கள் மகளிடம், வெட்டுவதற்கு முன்பே தாளில் கட்டங்கள் போட்டு எண்ணச் சொல்லுங்கள். கோடுகளின் மீதே வெட்டி, இடம் மாற்றி ஒட்டிய பிறகு மறுபடி எண்ணட்டும்.

வீட்டில் பயிற்சி கொடுக்க என்ன வாங்க வேண்டும்?

எதையும் வாங்க வேண்டாம், டைல்ஸ் பதித்த தரை இருந்தால் அதுவே போதும். 12 அடிக்கு 10 அடி அறையில் இரண்டடிச் சதுர டைல்கள் பதித்திருந்தால், ஒரு சுவரை ஒட்டி ஆறு, மற்றொரு சுவரை ஒட்டி ஐந்து, ஆக 30 டைல்கள் இருக்கும். அறையின் நடுவே கட்டிலோ பீரோவோ இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அதற்கடியில் உள்ள டைல்களை எண்ண முடியாது, வரிசையை வைத்து மனத்தில் கட்டித்தான் சொல்ல வேண்டும்.

பிறகு, இந்த அறை 120 சதுர அடி என்று நீங்கள் சொன்னால், 30 சரியா 120 சரியா என்று பிள்ளை கேட்கும். இரண்டும் சரி. ஒரு டைலுக்குள் ஒரு சதுர அடிச் சதுரங்கள் நான்கு அடங்கும், முப்பது நான்கு 120. அளக்கும் சதுரம் பெரிதானால் எண் சிறிதாகும் என்பதைப் பிள்ளைகள் முதலில் தலைகீழாகத்தான் நினைக்கிறார்கள். பல வீடுகளில் ஒரு சுவரோரம் வெட்டிய டைல்கள் இருக்கும். இரண்டு அரை டைல்களைச் சேர்த்து ஒன்றாக எண்ணலாமா என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

ஒரு அடிக்கு 12 அங்குலம், அதனால் ஒரு சதுர அடிக்கு 12 சதுர அங்குலம் என்கிறான்.

செய்தித்தாளில் ஓரடிக்கு ஓரடிச் சதுரம் வெட்டி, கீழ் ஓரத்தில் ஓர் அங்குலச் சதுரங்கள் பன்னிரண்டு வரையச் சொல்லுங்கள். அந்தப் பன்னிரண்டும் ஒரே ஒரு வரிசைதான், மேலே இன்னும் பதினோரு வரிசைக்கு இடம் வெறுமையாகத் தெரியும். 144 என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது. 1 சதுர மீட்டருக்கு 100 சதுர செ.மீ. என்று எழுதும் பிழையும் இதே வகைதான், அங்கே சரியான எண் 10,000.

இலையை வரைந்து, "ஏறக்குறைய 44" என்று எழுதியிருக்கிறாள். கணக்கில் ஏறக்குறைய என்று எழுதலாமா?

இங்கே அப்படித்தான் எழுத வேண்டும். பூவரசு இலையின் ஓரத்தை ஒரு செ.மீ. கட்டத்தாளில் வரைந்தபோது, முழுவதும் உள்ளே அடங்கிய கட்டங்கள் 29, பாதிக்கு மேல் அடங்கியவை 14, சரியாகப் பாதி 2, பாதிக்கும் குறைவு 15. பாதிக்கு மேல் உள்ளதை ஒன்றாகவும், பாதியை அரையாகவும் எண்ணி, குறைவானதை விட்டுவிட்டால் 29 + 14 + 1 = 44 சதுர செ.மீ.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இலை 29-ஐவிடப் பெரியது என்பதும், தொட்ட கட்டங்கள் எல்லாவற்றையும் சேர்த்த 60-ஐவிடச் சிறியது என்பதும் உறுதி. அரை செ.மீ. கட்டத்தாளில் அதே இலையை வரைந்து எண்ணினால், இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே உள்ள தூரம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். அங்கே நான்கு சிறு கட்டங்கள் சேர்ந்தால்தான் ஒரு சதுர செ.மீ. என்பதைப் பிள்ளைகள் மறந்துவிட்டு, இலை வளர்ந்துவிட்டது போன்ற எண்ணைச் சொல்வார்கள்.

சூத்திரம் எப்போது வரும்? வந்த பிறகு புரிந்து செய்கிறானா, மனப்பாடமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிள்ளைகள் வெற்றுச் செவ்வகத்தைப் பார்த்து, வரையாமலே "ஆறு ஆறாக நாலு வரிசை" என்று சொல்லத் தொடங்கியதும் நீளம் × அகலம் என்று கரும்பலகையில் எழுதுவேன். வகுப்பில் ஏறத்தாழ பாதிப் பேர் அங்கே வந்துவிட்டார்கள். வராத பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு வாரம் அட்டையோடு இருக்க வேண்டியிருக்கும், அதுவரை வீட்டில் சூத்திரத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தெரிந்துகொள்வதற்கு, நம் 6-க்கு 4 செவ்வகத்தின் ஒரு மூலையிலிருந்து 2 செ.மீ. நீளமும் 1 செ.மீ. அகலமும் உள்ள துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மீதியின் பரப்பளவைக் கேளுங்கள். மனப்பாடமாகச் செய்யும் பிள்ளை எந்த இரண்டு எண்களைப் பெருக்குவது என்று உங்கள் முகத்தைப் பார்க்கும், அல்லது கண்ணில் பட்ட எல்லா எண்களையும் பெருக்கும். வரிசைகளைப் பார்க்கும் பிள்ளை, "மூணு வரிசையில ஆறு ஆறு, மேல் வரிசையில மட்டும் நாலு" என்று 22-க்கு வரும், அல்லது 24-லிருந்து 2-ஐக் கழிக்கும். அதையும் சொல்லிவிட்டால், சுற்றளவைக் கேட்டுப் பாருங்கள். துண்டு போன பிறகும் அது 20 செ.மீ.தான். ஏன் என்று கண்டுபிடிக்க நூலை எடுத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
நான்காம் வகுப்பு ஆசிரியை